ஒலி ஒன்று, எழுத்து பல: சீனப் பெயரைப் பச்சை குத்துமுன்

மாண்டரின் மொழிப் பெயர் ஒன்றின் பொருள் அதன் ஒலியில் இல்லை, அதை எழுதும் எழுத்தில் இருக்கிறது. தமிழில் ஒருவர் மலர்விழி என்று தம் பெயரைச் சொன்னால், கேட்டவருக்குப் பெயரோடு பொருளும் கிடைத்துவிடும். ஒரு சீனப் பெண் தம் பெயர் மெய்லிங் என்று சொன்னால், கேட்பவர் சீனராகவே இருந்தாலும் பொருள் தெரியாது. "எந்த மெய்? எந்த லிங்?" என்று அவரும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீனப் பெயரைத் தோலில் பதிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

இதற்குக் காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. மாண்டரினில் மொத்தம் ஏறத்தாழ 400 அசைகள்தாம் உண்டு. ஒவ்வோர் அசையையும் நான்கு தொனிகளில் சொல்லலாம் என்பதால் அந்த எண்ணிக்கை 1,300-ஐ ஒட்டி வரும். ஆனால் சீன அரசு 2013-இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. அத்தனை எழுத்தும் இத்தனை சிறிய ஒலித் தொகுதிக்குள் அடங்க வேண்டும். அதனால் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் வந்து நிற்கின்றன. ரோமன் எழுத்தில் எழுதும்போது தொனிக் குறியும் பெரும்பாலும் விடுபட்டுப் போவதால் குழப்பம் இன்னும் பெருகுகிறது. கடவுச்சீட்டிலும் விசிட்டிங் கார்டிலும் தொனிக் குறி இருப்பதில்லை.

மெய்லிங் என்ற பெயரையே எடுத்துக்கொண்டு, ஒலியிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து பச்சைக்கும் எப்படிப் போவது என்று பார்க்கலாம். தோழியின் பெயராகவோ மனைவியின் பெயராகவோ ஒருவருக்கு ரோமன் எழுத்தில் Mei Ling என்று மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒலியிலிருந்து எழுத்துக்கு

முதல் அசையான மெய்யில் பெயருக்கு உதவும் எழுத்துகள் பல. மூன்றாம் தொனியில், அதாவது குரல் கீழே இறங்கி மேலே ஏறும்படி சொன்னால், 美 என்ற எழுத்து வரும், பொருள் அழகு. இரண்டாம் தொனியில், குரல் மேலே ஏறும்படி சொன்னால் 梅 வரும். பனிக்காலம் முடியுமுன்னே பூக்கும் மெய் மரத்தையும் அதன் பூவையும் அது குறிக்கும். அதே இரண்டாம் தொனியில் 眉 என்றால் புருவம், 煤 என்றால் நிலக்கரி, 霉 என்றால் பூஞ்சை. நான்காம் தொனியில் 妹 என்றால் தங்கை.

இரண்டாம் அசையில் சிக்கல் இன்னும் கூடுதல். இரண்டாம் தொனி லிங் மட்டுமே 玲, 铃, 龄, 灵, 凌, 羚, 零 என்று நீள்கிறது. ஜேட் கல்லின் ஒலி, மணி, வயது, ஆவி அல்லது கூர்மதி, பனிக்கட்டி, மான், சுழியம் என்பவை இவற்றின் பொருள்கள். தொனிகூட ஒன்றுதான் என்பதால், உச்சரிப்பை எவ்வளவு நுட்பமாகக் கேட்டாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் கணினியையோ கைப்பேசியையோ நம்புகிறார்கள். சீன விசைப்பலகையில் meiling என்று தட்டினால் ஒரு வரிசை காட்டப்படும். முதலில் 美玲 வரக்கூடும். அது அடிக்கடி தட்டப்படும் சேர்க்கை என்பதால் முதலில் வருகிறதே தவிர, குறிப்பிட்ட அந்தப் பெண்ணின் பெயர் அதுதான் என்பதற்கு அது எந்தச் சான்றும் ஆகாது. மொழிபெயர்ப்புச் செயலியில் பெயரை ரோமனில் இட்டாலும் நடப்பது இதே ஊகந்தான்.

சரியான வழி பெயருக்கு உரியவரிடமே கேட்பது. சீனர்கள் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லி, அதில் வரும் எழுத்து என்று விளக்குவார்கள். 'மெய்லி' என்ற சொல்லில் வரும் மெய் என்றால் அழகுக்குரிய 美. 'நியான்லிங்' என்ற சொல்லில் வரும் லிங் என்றால் வயதுக்குரிய 龄. குடும்பப் பெயர்களுக்கு எழுத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. லி என்பவர் 'மரம், பிள்ளை சேர்ந்த லி' என்பார். 李 என்ற எழுத்தின் மேற்பாதி மரம், கீழ்ப்பாதி பிள்ளை. ஜாங் என்பவர் 'வில், நீளம் சேர்ந்த ஜாங்' என்று சொல்லி 张 எழுத்தை அடையாளம் காட்டுவார். அதே ஒலியுள்ள 章 எழுத்தோடு குழம்பாமல் இருக்க அது உதவும். இந்த விளக்கத்தோடு கையெழுத்தில் ஒருமுறை எழுதியும் வாங்கிக்கொண்டால் அடித்தளம் உறுதியாகிவிடும்.

நேரில் கேட்க முடியாதபோது ஆவணம் உதவும். சீனக் கடவுச்சீட்டில் எழுத்து வடிவமும் ரோமன் வடிவமும் சேர்ந்தே அச்சாகின்றன. ஹாங்காங் அடையாள அட்டையிலும் எழுத்து வடிவம் உண்டு. சிங்கப்பூர் அடையாள அட்டையிலும் சீனப் பெயர் பதிவாகியிருந்தால் எழுத்தில் காணலாம். மறைந்த பாட்டியின் பெயரைப் பதிக்க விரும்பும் பேரப்பிள்ளைக்கு, கல்லறைக் கல்லும் குடும்ப வம்சப் பதிவேடும் எந்த அகராதியையும்விட நம்பகமானவை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள மூத்த தலைமுறைச் சீனர்களின் பெயர்கள் மாண்டரின் ஒலிப்படி எழுதப்பட்டவை அல்ல. ஹொக்கியன், கண்டோனீஸ், டியோசூ என்று அவரவர் குடும்ப மொழியின் ஒலிப்படி எழுதப்பட்டவை. Tan என்று அங்கே எழுதப்படும் குடும்பப் பெயர் பெரும்பாலும் மாண்டரினில் சென் என்று ஒலிக்கும் 陈. அதை மாண்டரின் ஒலியாக எண்ணி அகராதியில் தேடினால் 谭 என்ற முற்றிலும் வேறொரு குடும்பப் பெயரில் போய் முடியும். Ng என்பது ஒருவருக்கு 黄 ஆகவும் இன்னொருவருக்கு 吴 ஆகவும் இருக்கும். பெண்களின் பெயரில் வரும் Bee பெரும்பாலும் ஹொக்கியன் ஒலியில் எழுதிய 美 தான். ஆக, ரோமன் எழுத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தச் சீன மொழியின் ஒலி என்பதே.

பெயரில் எது குடும்பப் பெயர் என்பதையும் இதே கட்டத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சீன வழக்கில் குடும்பப் பெயர் முன்னே வரும். மெய் என்பதும் ஒரு குடும்பப் பெயர்தான்; பீக்கிங் ஓப்பராவின் பெருங்கலைஞர் மெய் லான்ஃபாங்கின் மெய் அது. லிங் என்பதிலும் 凌 ஒரு குடும்பப் பெயர். எனவே Mei Ling என்ற இரண்டு அசைகளும் சேர்ந்து இடுபெயராக இருக்கலாம். மெய் குடும்பத்து லிங்காக இருக்கலாம். மேல்நாட்டு வரிசையில் எழுதிய, லிங் குடும்பத்து மெய்யாகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் என்று தெரிந்தால் அதை மொழிபெயர்க்கக் கூடாது. 马云 என்ற தொழிலதிபர் ஜாக் மாவின் பெயரை 'குதிரை மேகம்' என்று எழுதினால் அது பிழை. மா குடும்பப் பெயர். பொருள் பேச வேண்டியது மேகம் என்ற யுன்னுக்கு மட்டுமே.

எழுத்திலிருந்து பொருளுக்கு

விசாரித்ததில் அந்தப் பெண்ணின் பெயர் 美玲 என்று உறுதியானதாகக் கொள்வோம். முதல் எழுத்தில் சிரமமில்லை, அழகு. இரண்டாவதில்தான் மொழிபெயர்ப்புகள் தடுமாறுகின்றன.

玲 எழுத்தின் இடப்பக்கம் 王, வலப்பக்கம் 令. தனியாகப் பார்த்தால் 王 அரசன், 令 கட்டளை. இரண்டையும் கூட்டி 'அரசகட்டளை' என்று பொருள் சொல்லும் விளக்கங்கள் இதனால்தான் பிறக்கின்றன. அது முழுத் தவறு. இடப்பக்க உறுப்பாக வரும்போது 王 அரசனைக் குறிப்பதில்லை. ஜேட் கல்லைக் குறிக்கும் 玉 எழுத்தின் ஒடுங்கிய வடிவம் அது. வலப்பக்கத்து 令 பொருளுக்காக வைத்ததே அன்று, லிங் என்ற ஒலியைக் காட்ட வைத்தது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்திருக்கின்றன: ஒரு பக்கம் பொருளின் இனம், மறுபக்கம் ஒலி. அதே 令 எழுத்துக்கு இடப்பக்கம் உலோகக் குறி வந்தால் மணி, பல் குறி வந்தால் வயது, ஆட்டுக் குறி வந்தால் மான். மேலே மழைக் குறி வந்தால் சுழியம். விலங்கின் வயதைப் பல்லைப் பார்த்துக் கணித்த பழக்கத்தை வயதுக்கான எழுத்து இன்னும் சுமந்திருக்கிறது. இந்த உறுப்பை அடையாளம் காணத் தெரிந்தவர், அகராதி இல்லாமலேயே பாதிப் பிழைகளைப் பிடித்துவிடுவார்.

அகராதியைப் புரட்டினால் 玲 என்பதற்கு ஜேட் கற்கள் ஒன்றோடொன்று தொடும்போது எழும் நுண்ணொலி என்று இருக்கும். 'லிங்லொங்' என்ற இரட்டைச் சொல்லில் அது நேர்த்தி, நுண்ணழகு என்ற பொருளும் தரும். ஆகவே 美玲 என்ற பெயரைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் 'அழகும் நேர்த்தியும் உடையவள்' என்பது நெருங்கி வரும். 'அழகிய மணி' என்று பலர் எழுதுவது, 玲 இருக்குமிடத்தில் 铃 இருப்பதாக எண்ணிச் செய்த மொழிபெயர்ப்பு.

அகராதியில் ஓர் எழுத்துக்குப் பல பொருள்கள் இருக்கும்போது முதலில் உள்ளதை எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 凌 எழுத்தைப் பாருங்கள். பனிக்கட்டி, அவமதித்தல், கொடுமைப்படுத்தல், உயர எழுதல் என்று அதற்குப் பொருள் விரியும். பிள்ளைக்கு இந்த எழுத்தை வைக்கும் பெற்றோர் மனத்தில் இருப்பது மேகங்களைத் தாண்டி எழுவது என்ற பொருளே. பெயரில் எழுத்து எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை அது எந்தக் கூட்டுச்சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டால் அறியலாம். இதை அகராதி சொல்லாது, குடும்பம் சொல்லும்.

இனி, எழுத்தும் சரி, அகராதிப் பொருளும் சரி என்று ஆன பிறகும் மொழிபெயர்ப்பு வழுக்கிவிழும் இடம் ஒன்று இருக்கிறது. சியாங் கைஷெக்கின் மனைவி சொங் மெய்லிங் 20ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்றில் அழுத்தமான தடம் பதித்தவர். 1943-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அவரது பெயர் 宋美龄. இந்த லிங் வயதைக் குறிப்பது. எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் 'அழகிய வயது' என்று வரும். ஆனால் அவருடைய அக்காமார்களின் பெயர்களை உடன் வைத்துப் பார்த்தால்தான் பெயரின் அமைப்பு விளங்கும். மூத்தவர் 宋霭龄, ஐலிங். நடுவில் பிறந்து சுன் யாட்சென்னை மணந்தவர் 宋庆龄, சிங்லிங். மூவர் பெயரிலும் 龄 பொதுவாக இருக்கிறது. உடன்பிறந்தோருக்கு ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்து, இன்னோர் எழுத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக வைப்பது பழைய சீனக் குடும்ப வழக்கம். மாவோ சேதுங்கின் தம்பிகள் சேமின், சேதான். அங்கே பொதுவான எழுத்து சே. இத்தகைய பெயரில் பொது எழுத்து குடும்ப உறவைச் சொல்கிறது; அந்த ஒருவருக்கே உரிய எழுத்து மற்றது. சொங் மெய்லிங் பெயரில் தனியெழுத்து 美. 龄 எழுத்தை மொழிபெயர்ப்பதானால் 'வயது' என்பதைவிட 'நெடிய ஆண்டுகள்' என்ற வாழ்த்துப் பொருளே பெயருக்குப் பொருந்தும். ஒரு பெயரின் பொருளைத் தேடும்போது அவருடைய உடன்பிறந்தவர்களின் பெயர்களையும் கேட்பது இதனால்தான் மிகவும் பயனுள்ளது.

புரூஸ் லீயின் பெயர்கள் இன்னொரு பாடம். உலகம் அறிந்த 李小龙 அவரது திரைப்பெயர். லி குடும்பப் பெயர் போக, 'சின்ன டிராகன்' என்று பொருள். அவருக்குக் குடும்பம் இட்ட பெயர் 李振藩. அதிலுள்ள 藩 எழுத்துக்கு அகராதி தரும் பொருள் வேலி, எல்லைப்புறக் குறுநாடு. அதை அப்படியே எடுத்தால் 'வேலியை எழுப்புதல்' என்பதுபோல் எதுவோ வரும். அவர் 1940-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அந்நகருக்குச் சீனர் இட்ட பெயரில் இதே 藩 வருகிறது. அந்நகரம் அதிரப் புகழ்பெற வேண்டும் என்ற ஆசையே பெயரில் உள்ளதாகப் பரவலாக விளக்குவார்கள். ஜாக்கி சானின் இயற்பெயரில் உள்ள கங்ஷெங் என்பதோ 'ஹாங்காங்கில் பிறந்தவன்' என்று நேராகவே ஊரைச் சொல்லும். பிறந்த ஊரும் ஆண்டும் தெரியாமல் இத்தகைய பெயர்களைத் தொடக் கூடாது. 1949-ஐ ஒட்டிப் பிறந்த எத்தனையோ பேருக்கு 'நாட்டை நிறுவுதல்' என்ற பொருளுள்ள ஜியான்குவோ பெயராக இருப்பதும் அந்த ஆண்டு மக்கள் குடியரசு பிறந்ததால்தான்.

மிகவும் கவனமாகத் தொட வேண்டிய பெயர்களும் உண்டு. ஜாவோதி, லாய்தி, பான்தி என்று சில பெண்களுக்குப் பெயர் இருக்கும். காதுக்கு இனிமையானவை. முறையே 'தம்பியை அழை', 'தம்பி வரட்டும்', 'தம்பிக்காகக் காத்திரு' என்பவை அவற்றின் பொருள். தம்பியைக் குறிக்கும் எழுத்தோடு பெண் குறியைச் சேர்த்து 娣 என்று எழுதுவதால், எழுத்தைப் பார்த்துப் பொருள் தேடுபவருக்கு உண்மை உடனே புலப்படாது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று மகளுக்கே வைத்த பெயர் அது. நம் ஊரில் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த மனநிலைதான். இப்படிப் பெயர் பெற்றவர்களில் சிலர் வளர்ந்தபின் அதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அன்புக்குரியவரின் பெயர் இதுவானால், அவரிடம் மனம்விட்டுக் கேட்காமல் அதைத் தோலில் எழுதுவது அன்பாகாது. அவர் வெறுக்கும் ஒன்றை அவர் கண்முன்னே ஆயுள் முழுக்க வைப்பதாகிவிடும்.

எதைப் பதிப்பது

இவ்வளவும் தெரிந்த பிறகு முடிவு செய்ய வேண்டியது, எழுத்தையே பதிப்பதா, அதன் பொருளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதிப்பதா என்பது. எழுத்தைப் பதிப்பதே பாதுகாப்பு. 美玲 என்று பதித்தால் அது அந்தப் பெண்ணின் பெயர், பொருளில் கருத்து வேறுபாடு வந்தாலும் பெயர் பெயராகவே நிற்கும். பொருளைப் பதிக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் தேர்வு ஒன்று நடுவில் நுழைந்துவிடுகிறது.

எதிர்த் திசையில் போவது, அதாவது தமிழ்ப் பெயரையோ ஆங்கிலப் பெயரையோ சீன எழுத்தில் எழுதுவது, வேறு வேலை. அங்கே பெயரின் ஒலிக்கு ஒத்த அசைகளைத் தேடி அடுக்குவார்கள். பொருள் அதில் இருப்பதில்லை. இங்கே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு சீன எழுத்தை ஒதுக்கி அச்சிட்ட பட்டியல்கள் பல பச்சைகுத்தும் கடைகளின் மாதிரி ஏடுகளில் நெடுநாளாக இருந்துவருகின்றன. சீன மொழியில் அரிச்சுவடியே கிடையாது. அப்படி எழுதிய பெயர் எந்தச் சீனருக்கும் ஒலியாகவும் படிக்க வராது, பொருளாகவும் விளங்காது. அந்தப் பட்டியலைக் கண்டால் ஏட்டை மூடிவிடுவதே சரி.

எழுத்துகளைச் சுருக்கி அடுக்குவது எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு 2019-இல் நடந்த ஒன்று பரவலாக அறியப்பட்டது. பாடகி அரியானா கிராண்டே 'ஏழு மோதிரங்கள்' என்ற பொருளுள்ள தம் பாடல் தலைப்பை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் பதித்துக்கொண்டார். நடுவிலிருந்த சில எழுத்துகளை விட்டுவிட்டு 七輪 என்று மட்டும் பதிந்ததால், ஜப்பானியர்களுக்கு அது கரியடுப்பு என்று படித்தது. சீனர் படித்தால் ஏழு சக்கரம் என்று தோன்றும். 'ஏழு' சரி, 'மோதிரம்' என்ற சொல்லின் பகுதியும் சரி; சேர்ந்து நின்றபோது வேறொரு சொல் ஆகிவிட்டது. பிறகு ஓர் எழுத்தைச் சேர்த்துத் திருத்த முயன்றும், வழக்கமான வரிசையில் படித்தால் பொருள் நேராகவில்லை.

தாளிலிருந்து தோலுக்கு

பழைய முழுவடிவமா, எளிமைப்படுத்திய வடிவமா என்பதை அடுத்துத் தீர்மானிக்க வேண்டும். சீன அரசு 1956-இலும் அதைத் தொடர்ந்தும் எழுத்துகளை எளிமையாக்கியது. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் எளிய வடிவம் வழங்குகிறது. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவம். 美 எழுத்தும் 玲 எழுத்தும் இரண்டிலும் ஒன்றுதான். 龄 எழுத்துக்கோ எளிய வடிவில் 13 கோடுகள், 齡 என்ற பழைய வடிவில் 20 கோடுகள். விரல்நகம் அளவில் பழைய வடிவத்தைப் பதித்தால், மை தோலுக்குள் பரவும் சில ஆண்டுகளில் பல் குறியின் உட்கோடுகள் ஒன்றாகிக் கருந்திட்டு ஆகிவிடும். பெயருக்கு உரியவர் எந்த வடிவில் கையெழுத்திடுகிறாரோ அதையே எடுத்து, கோடுகளின் எண்ணிக்கைக்கேற்ப அளவை வைத்துக்கொள்வதே முறை. செயலியைக் கொண்டு எளிய வடிவத்தைப் பழையதாக மாற்றக் கூடாது. இரண்டு பழைய எழுத்துகள் ஒன்றாக இணைந்த இடங்களில் செயலி தவறானதை எடுத்துவிடும். நடிகை ஃபான் பிங்பிங்கின் குடும்பப் பெயரான 范, பழைய வடிவிலும் 范 தான். அதை 範 என்று மாற்றினால் அது அவர் பெயரே இல்லை.

அச்செழுத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 令 எழுத்தின் கீழ்ப்பகுதி சில எழுத்துருக்களில் ஒரு மடிப்பும் புள்ளியுமாக இருக்கும், சிலவற்றில் நேர்க்கோடு கீழே இறங்கும். இரண்டும் ஒரே எழுத்துதான், ஒன்று பிழையென்று பதற வேண்டியதில்லை. ஆனால் கீழ்ப்புள்ளி விடுபட்டால் 令 மாறி 今 ஆகிவிடும். அதன் பொருள் 'இப்போது'. 美 எழுத்தில் நான்கு கிடைக்கோடுகள் இருக்க வேண்டும், நடுவில் இறங்கும் கோடு மூன்றாவதோடு நிற்க வேண்டும். கீழ்ப்பாதியிலுள்ள கால்கள் நான்கு புள்ளிகளாகச் சிதைந்தால் அது 羔, ஆட்டுக்குட்டி. எழுத்தறியாத கலைஞர் அழகுக்காக ஒரு கோட்டைக் குறைப்பதும் ஒரு புள்ளியைச் சுழிப்பதும் இத்தகைய இடங்களில்தான் கெடுதல் செய்கின்றன. ஓடுகையெழுத்துப் பாணியில் பதிக்க ஆசைப்படுவோர், அதை எழுதித் தரச் சீனத் தூரிகையெழுத்துக் கலைஞர் ஒருவரைத் தேட வேண்டும். மற்றபடி காய்ஷு எனப்படும் திருத்தமான பாணியே நல்லது.

தோலில் ஒற்றும் ஸ்டென்சில் இடவலமாகத் திரும்பிவிடும் பிழையும் நடப்பதுண்டு. இதில் 美 எழுத்து உதவாது, அது கண்ணாடியில் பார்த்தாலும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். 玲 எழுத்தைப் பார்க்க வேண்டும்: மூன்று கிடைக்கோடுள்ள பகுதி பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் இருந்தால் சரி. வரிசையையும் பார்க்க வேண்டும். கிடையாக எழுதினால் இடமிருந்து வலம், நெடுக்காக எழுதினால் மேலிருந்து கீழ். மாறினால் மெய்லிங் லிங்மெய் ஆகிவிடுவார். அதுவும் பெண்கள் வைத்துக்கொள்ளும் பெயர்தான் என்பதால் படிப்பவருக்குப் பிழையென்றே தோன்றாது.

நிறத்தில் சிவப்பைத் தவிர்ப்பது மரியாதை. உயிரோடிருப்பவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது சீனர்களிடையே அமங்கலமாகக் கருதப்படுகிறது. அவருடைய பெற்றோர் பார்க்கக்கூடிய இடத்தில் பச்சை இருக்கப் போகிறது என்றால் இது சின்ன விஷயமல்ல.

எல்லாம் தயாரான பின் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. இறுதி வரைபடத்தை, அந்தப் பெயரைப் பற்றி எதுவும் அறியாத, சீனம் படிக்கத் தெரிந்த இருவரிடம் தனித்தனியே காட்ட வேண்டும். "இது அழகு, நேர்த்தி என்று பொருள்படும் பெயர்தானே?" என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "இதில் என்ன எழுதியிருக்கிறது? சத்தமாகப் படித்துச் சொல்லுங்கள். இது ஆள்பெயரா, வேறு ஏதாவதா?" இருவரும் தயங்காமல் மெய்லிங் என்று படித்து, பெண்பெயர் என்றும் சொன்னால் வரைபடம் தேறியது. ஒருவராவது புருவம் நெரித்து "இப்படி ஓர் எழுத்து உண்டா?" என்று கேட்டால், நாள் குறித்திருந்தாலும் தள்ளிப்போட வேண்டும்.

பதிந்த பின் கோடு ஒன்று குறைந்திருந்தால் அதைச் சேர்த்துவிடலாம். கோடு கூடிப்போயிருந்தாலோ எழுத்தே மாறிப்போயிருந்தாலோ லேசர் கொண்டு அழிக்க வேண்டியிருக்கும். பல அமர்வுகள் பிடிக்கும், வலியும் செலவும் உண்டு, சுவடு முற்றாகப் போகும் என்ற உறுதியும் இல்லை. பெயருக்கு உரியவரோ அவர் குடும்பத்தாரோ தம் கையால் எழுதித் தந்த தாள் கைக்கு வரும்வரை ஊசியைத் தொட விட வேண்டாம்.